யாருக்கு நாடி இருந்தது

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. எல்லோருக்கும் அவள் பல்ஸ் அக்கா. எந்த இடத்தில் இறங்கினாலும் முதல் காரியமாகக் கீழே கிடப்பவரின் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்துவிடுவாள், மற்றதெல்லாம் பிறகுதான். பதினெட்டு வருஷமாக அதே இரண்டு விரல். ஒருமுறை நிலையத்து வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி, தன் கழுத்தில் யாரோ கை வைக்கிறார்களே என்று அலறிக்கொண்டு எழுந்தார். "அசையவே இல்லையே அண்ணே, அதான் பார்த்தேன்" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கணவர் லேத் பட்டறையில் இரும்பு கடைபவர். இருபத்தைந்து வருஷம் அந்த இரைச்சலில் நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அவர்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. உப்பு குறைவு என்று சொன்னால்கூட நாலாவது வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒரே மகள் வெளியூரில் தாதிப் படிப்பு. "நானும் உன்ன மாதிரி வண்டியிலதாம்மா போவேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் இவளுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வரும்.

விபத்து நடந்தது ஒரு மழை நாளின் மாலை நான்கு மணிக்கு. ஊருக்கு வெளியே வளைவில் நின்றிருந்த சரக்கு லாரியின் பின்புறத்தில் ஒரு கார் வழுக்கிப்போய் மோதிவிட்டது. நிலையத்தின் மற்ற இரண்டு வண்டிகளும் வேறு அழைப்புகளில் இருந்தன. இவளும் டிரைவர் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருபது.

காருக்குள் யாரும் இல்லை. வழியில் போனவர்கள் நல்லது செய்கிறோம் என்று இரண்டு பெண்களையும் வெளியே இழுத்து, சாலையோரம் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். இருவரும் அறுபதை ஒட்டியவர்கள். இருவரும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதுபோல் நீல நிற மழைக்கோட்டு அணிந்திருந்தார்கள். இருவர் நெற்றியும் கிழிந்திருந்தது. முகமெல்லாம் சேறும் இரத்தமும். அந்தச் சேற்றுக்கு அடியில் ஒரே மூக்கு, ஒரே தாடை. அக்கா தங்கை என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அவள் இரண்டு விரலை வைத்தாள். ஒருத்திக்கு நாடி இருந்தது. நூல் மாதிரி, வந்தும் வராமலும். இன்னொருத்திக்கு இல்லை. மழையில் விறைத்த தன் விரலை அவள் நம்பவில்லை. கழுத்தின் அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி வைத்துப் பார்த்தாள். இல்லை.

ஒரு வண்டி, ஒரு ஆள், இரண்டு உடம்பு. நாடி இருந்தவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இல்லாதவளைப் பலகையோடு தூக்கிப் பக்கத்து இருக்கையில் கட்டினார்கள். கைமணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டியிருக்க வேண்டும். விதி அப்படித்தான். பட்டைகள் பையில்தான் இருந்தன. கை ஒழியவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டும்போது ஸ்ட்ரெச்சரில் இருந்தவளின் நாடியும் நின்றது. மானிட்டர் பழுதுபார்க்கப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மருத்துவமனை வாசல் வரும்வரை இவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். வாசலில் நாலைந்து பேர் ஓடிவந்து, இருவரையும் ஒரே மூச்சில் அவர்களுடைய தள்ளுவண்டிகளுக்கு மாற்றி உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே இருவர் நெஞ்சையும் அழுத்திப் பார்த்துவிட்டு, நான்கு ஐம்பத்தைந்துக்கு டாக்டர் இருவருமே இறந்துவிட்டதாக எழுதினார். இரண்டு சான்றிதழிலும் அதே நேரம்.

கையைக் கழுவிவிட்டு அவள் ஷீட்டை எழுத உட்கார்ந்தாள். வண்டியில் ஏற்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீட் உண்டு. எத்தனை மணிக்குப் போனோம், நாடி எப்படி, மூச்சு எப்படி, என்ன செய்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். நாடி இருந்தவளுக்கு ஒன்று, இல்லாதவளுக்கு ஒன்று. வரவேற்பு மேசைக்காரர் அவசரப்படுத்தினார்.

"பேர் போடாம குடுத்தா உள்ள வாங்க மாட்டாங்க. பேர் என்ன?"

டிரைவர் அண்ணன் ஒரு கைப்பையைக் கொண்டுவந்து வைத்தார். சாலையில், நாடி இருந்தவளின் தோளருகே கிடந்ததாம். அதற்குள் அடையாள அட்டை இருந்தது. மூத்தவளின் அட்டை. அவள் முதல் ஷீட்டில் மூத்தவளின் பெயரை எழுதினாள். இரண்டாவது பெயரை, அவர்கள் வீட்டுக்குப் போன் போட்ட போலீஸ்காரர் சொல்ல எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி: அடையாளம் எப்படி உறுதி செய்யப்பட்டது? நான்கு கட்டங்கள். 'உறுதி செய்யப்படவில்லை' என்பதில் குறியிட்டால் இன்னொரு படிவம் எழுத வேண்டும். வெளியே அடுத்த அழைப்புக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார் டிரைவர் அண்ணன். 'உறவினர் அடையாளம் காட்டினார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு ஓடினாள்.

உறவினர் யாரும் அங்கே இல்லை. தங்கையின் கணவர் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஏழு மாதம் கழித்து, அவள் வேலைக்கு வந்து சேரும் நேரத்தில், ஒரு மனிதர் நிலையத்து வாசலில் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகத்தின் ஓரங்களில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. கும்பிட்டார்.

"நீங்கதானே எங்க அக்காங்கள வண்டியில கொண்டுபோனது? நான் அவங்க தம்பி. பெயிண்ட் கடை வெச்சிருக்கேன்."

அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. நீல மழைக்கோட்டு என்றதும் வந்தது.

"ரொம்ப நன்றிம்மா. பெரியக்காவுக்குக் கடைசி வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. படிச்சேன். அவங்க ஏதாவது சொன்னாங்களா? ஒரு வார்த்தை? என் பேரு?"

அவள் தலையை ஆட்டினாள். "நினைவு இல்லாமதான் இருந்தாங்க" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் பெரியக்கா என்று அவர் சொன்னபோது முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. அந்த ஷீட் எப்படி இவர் கைக்குப் போனது?

"கோர்ட்டுல வாங்கினோம். உங்களுக்கும் சம்மன் வரும். பயப்படாதீங்க. எழுதினத அப்படியே சொன்னா போதும்."

சம்மன் மறுவாரமே வந்தது. அவளுடைய பதினெட்டு வருஷத்தில் கோர்ட்டுக்குப் போனதில்லை. பெயிண்ட் கடைக்காரரின் வக்கீல் அவளைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். கோப்புகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்த அறை. மனிதர் நல்லவர்தான், விஷயத்தை நிதானமாகவே விளக்கினார்.

"மூத்தவங்க கல்யாணம் பண்ணிக்கல. லைப்ரரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. வீடு அவங்க பேர்ல. கீழே தங்கையும் தங்கை வீட்டுக்காரரும். அவர் மூக்குக்கண்ணாடி செய்யறவர், முன் அறையிலயே கடை. குழந்தை இல்லை. மூத்தவங்க உயில் எழுதி வெச்சிருக்காங்க. என் காலத்துக்கு அப்புறம் வீடு தங்கைக்கு. நான் சாகும்போது தங்கை உயிரோட இல்லைன்னா தம்பிக்கு. புரியுதா?"

"புரியுதுங்க."

"ரெண்டு பேரும் ஒரே விபத்துல போயிட்டாங்க. இப்ப யார் முதல்ல போனாங்கங்கிறதுதான் கேள்வி. மூத்தவங்க முதல்ல போயிருந்தா, அஞ்சு நிமிஷமோ அரை நிமிஷமோ, வீடு தங்கைக்கு வந்துடுச்சு. தங்கை உயில் எழுதல. அதனால அவங்க சொத்து அவங்க புருஷனுக்குப் போகும். தங்கை முதல்ல போயிருந்தா, வீடு நேரா தம்பிக்கு."

"தெரியலைன்னா?"

"அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. யார் முன்னாடி யார் பின்னாடின்னு சொல்ல முடியலைன்னா வயசைப் பார்க்கணும். மூத்தவர் முதல்ல போனார், இளையவர் அவருக்கு அப்புறமும் இருந்தார்னு எடுத்துக்கணும். நிஜத்துல அப்படித்தான் நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. ஏதோ ஒரு முடிவுக்கு வரணுமே, அதுக்காக. கண்ணாடிக்காரர் அதைத்தான் பிடிச்சுட்டு நிக்கறார்." வக்கீல் முன்னால் சாய்ந்தார். "ஆனா அந்த அனுமானம் எல்லாம் ஆதாரம் இல்லாத வரைக்கும்தான். ஆதாரம் வந்துட்டா அது எழுந்து போயிடும். பிரேதப் பரிசோதனை பண்ண டாக்டர் கைய விரிச்சுட்டார். ரெண்டு பேருக்கும் உள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு, யார் முன்னாடின்னு உடம்பை வெச்சு சொல்ல முடியாதுன்னுட்டார். மிச்சம் இருக்கறது ஒரே ஒரு ஆதாரம்."

அவர் மேசைமேல் அவளுடைய இரண்டு ஷீட்டின் நகல்களை வைத்தார். அவளுடைய கையெழுத்து. நான்கு இருபத்திரண்டுக்கு மூத்தவளுக்கு நாடி உண்டு. இளையவளுக்கு இல்லை. கீழே அந்த டிக், கொஞ்சம் கோணலாக.

"உறவினர் அடையாளம் காட்டினார்னு நீங்களே போட்டிருக்கீங்க. அது போதும்" என்றார் வக்கீல்.

அவள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்க்கும்போது அந்தச் சாலையோரம் கண்ணுக்குள் வந்து நின்றுவிடும். இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. நாடி இருந்தவள் வலப்பக்கம். அதில் சந்தேகம் இல்லை. அவள் மூத்தவளா? முகத்தைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பாள். சேறுதான் வரும். சில நாள் அது மூத்தவள்தான் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். கைப்பை அங்கேதானே கிடந்தது? அடுத்த நிமிஷமே, இழுத்துப்போட்டவர்களில் யாரோ பையையும் எடுத்து ஏதோ ஒரு பக்கம் வைத்திருப்பார்கள் என்று தோன்றும்.

பயம் அத்தோடு நிற்கவில்லை. பொய்யாக ஒரு டிக் போட்டவள் என்று தெரிந்தால் வேலை என்ன ஆகும்? இதற்கு முன் எழுதிய ஷீட்டுகளையெல்லாம் தோண்டினால்? அதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. அதைத் தொடவே அவள் அஞ்சினாள். நாடி இல்லை என்று விட்டவளுக்கு உண்மையாகவே நாடி இல்லையா? விறைத்துப்போன இரண்டு விரலுக்கு அது எட்டாமல் போயிருந்தால்?

நிலைய மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "பேப்பர்ல என்ன இருக்கோ அதுக்கு மேல ஒரு எழுத்து சொல்லாதே. ஞாபகம் இல்லைங்கிறத தாராளமா சொல்லு. ஆனா பேப்பர் தப்புன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் நானே நினைச்சாலும் உன்னைக் காப்பாத்த முடியாது."

இதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வீட்டில் முடியாது, சுவருக்கு அந்தப் பக்கமெல்லாம் காது. ஒரு மதியம் கணவரின் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனாள். ஐந்து லேத் இயந்திரங்களும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இரும்புச் சுருள்கள் தரையெல்லாம். இரைச்சலில் அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அவருக்கு மட்டும் உதட்டசைவு படிக்கத் தெரியும். உலகத்திலேயே அவர்கள் இருவரும் தனியாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் "மறுபடி" என்று கையால் கேட்டார். கடைசியில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவள் காதருகே வந்து கத்தினார்.

"பேசாம பேப்பர்ல இருக்கறதையே சொல்லிடு!"

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட வேலைப்பாட்டைக் குப்பையில் போடுகிற மனிதர்.

"தப்பில்லையா?" என்றாள்.

"தப்புதான்!" என்று கத்தினார். "எனக்குப் பயமா இருக்கு! உன்னை ஜெயில்ல போட்டா?"

தன்னுடைய பயம்தான் பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடியது. சரி, பேப்பரில் இருப்பதையே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வீடு திரும்பினாள். தீர்மானித்த அன்றுதான் கொஞ்சம் தூங்கவும் செய்தாள்.

விசாரணை நாளன்று காலை பத்து மணிக்கே அவள் கோர்ட்டு வராந்தாவில் இருந்தாள். நீளமான மர இருக்கை. எண்ணெய் ஏறிக் கறுத்த சுவர். மறுகோடியில் ஒரு மெலிந்த மனிதர், கனத்த கண்ணாடி, மடியில் ஒரு துணிப்பை. அவள் யாரென்று யாரோ அவரிடம் காட்டியிருக்க வேண்டும். எழுந்து வந்து பக்கத்தில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தார். அவள் எழுந்து போக நினைத்தாள். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"சாட்சிகிட்ட பேசக்கூடாதுன்னு என் வக்கீல் சொன்னார்" என்றார் கண்ணாடிக்காரர். "வீட்டப் பத்திப் பேசல. அது போனா போகட்டும். ஒன்னே ஒன்னு. அவளுக்கு நாடி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அக்காவைத்தான் பார்த்திருக்கீங்க, நெஞ்சை அழுத்தியிருக்கீங்க. இவள அப்படியே ஓரமா கட்டி வெச்சிருக்கீங்க. இத்தனை நாளா அதையேதான் படிச்சிட்டு இருக்கேன். கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கலாமேம்மா?"

குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அது இல்லை.

கோர்ட்டுச் சேவகர் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அவளுடைய நிஜப் பெயர். பல வருஷமாக யாரும் அப்படிக் கூப்பிடாததால் மூன்றாவது முறைதான் அது தன் பெயர் என்று உறைத்தது.

அவள் கூண்டில் ஏறினாள். நீதிபதி நரைத்த தலையுடைய பெண்மணி. "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

தம்பியின் வக்கீல் சுலபமாகத் தொடங்கினார். எத்தனை வருஷ அனுபவம், எத்தனை மணிக்குப் போனீர்கள், எங்கே கிடந்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு ஷீட்டைக் கையில் கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"நாலு இருபத்திரண்டுக்கு ஒருத்தருக்கு நாடி இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லை. சரியா?"

"சரிங்க."

"நாடி இருந்தது யாருக்கு?"

பதில் ஒரு வார்த்தைதான். 'மூத்தவங்களுக்கு.' அதைச் சொல்லிவிட்டு இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். அவள் வாயைத் திறந்தாள். பின்வரிசையில் கண்ணாடிக்காரர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"தெரியாதுங்க" என்றாள்.

வக்கீல் சிரித்தார். "பதட்டப்படாதீங்க. ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்க."

"ஷீட்டுல மூத்தவங்க பேர் இருக்கு. நான்தான் எழுதினேன். ஆனா அது அவங்கதான்னு எனக்குத் தெரியாது. பையில இருந்த அட்டைய வெச்சு எழுதினேன். ஆனா அந்தப் பைய யார் அங்க வெச்சாங்கன்னு தெரியாது."

அறையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். வக்கீலின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. "உறவினர் அடையாளம் காட்டினார்னு டிக் போட்டிருக்கீங்களே?"

"யாரும் காட்டலைங்க. அது நான் பொய்யா போட்ட டிக்."

சொன்ன கணத்தில் உடம்பில் ஓடிய குளிர் அவளுக்குக் கடைசிவரை மறக்கவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதோட விளைவு உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியுங்க."

"உங்களையே மாட்டிவிடற கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க. மணிக்கட்டுப் பட்டை கட்டினீங்களா?"

"இல்லைங்க. கட்டியிருக்கணும்."

"காயத்தை வெச்சு, உடையை வெச்சு, எதையாவது வெச்சு இப்ப உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"ஒரே மாதிரி கோட்டு. ரெண்டு பேருக்கும் நெத்தியில வெட்டு. முகம் முழுக்க சேறு. சம்மன் வந்ததுல இருந்து நினைச்சுப் பார்க்கறேங்க. முடியல." அவள் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒருத்தருக்கு நாடி இருந்துச்சு. அது மட்டும் நிச்சயம். அது யாருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

கண்ணாடிக்காரரின் வக்கீல் எழுந்து, தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அண்ணனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பையை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று சொன்னார். அதை அங்கே வைத்தது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. காரிலிருந்து இழுத்துப்போட்டவர்களில் இருவரைப் போலீஸ் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. யாரை எந்தப் பக்கம் கிடத்தினோம் என்று அவர்களுக்கு உறுதியாக நினைவில்லை. முதலில் வெளியே எடுத்தவரை இடப்பக்கம் கிடத்தினோம் என்றார் ஒருவர். இன்னொருவர் அதை மறுத்தார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நீதிபதி எழுதியது இவ்வளவுதான்: இருவரில் ஒருவர் மற்றவரைவிடச் சில நிமிஷங்கள் கூடுதலாக இருந்திருக்கலாம், ஆனால் அவர் யார் என்று நிரூபிக்கப்படவில்லை. ஷீட்டில் உள்ள பெயரை எழுதியவரே அதற்குப் பொறுப்பேற்க மறுக்கும்போது அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. எனவே சட்டம் சொல்கிறபடி, மூத்தவர் முதலில் இறந்தார், இளையவர் அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார் என்றே கொள்ளவேண்டும். உயிலின் முதல் வரி நிறைவேறியது. தம்பிக்கு என்ற இரண்டாவது வரிக்கு வேலை வரவில்லை. வீடு ஒரு கணமேனும் தங்கைக்குச் சேர்ந்தது. அவள் வழியாக அவள் கணவருக்கு.

அதற்குள் பல்ஸ் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். துறை விசாரணை நடந்தது. மேலாளர் அவள் முகத்தைப் பார்க்காமலே எதிரே உட்கார்ந்து அவளுடைய பழைய ஷீட்டுகளைப் புரட்டினார். கட்டுக்கட்டாகப் புரட்டினார்கள். இன்னும் இரண்டு ஷீட்டில் அவசரத்தில் விட்டுப்போன கட்டங்கள் இருந்தன. பொய் வேறு எதுவும் இல்லை. ஜெயிலுக்கு அனுப்பவில்லை. வண்டியிலிருந்து இறக்கி, அழைப்புகளை எடுக்கும் தொலைபேசி அறைக்கு மாற்றினார்கள். வருஷக்கணக்குக்கு வண்டிப் பக்கம் வரக்கூடாது.

கணவருக்கு நிம்மதியா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை. "போன்ல பேசற வேலையா? என்னையும் அதே ஆபீஸ்ல சேர்த்து விட்டிருந்தா ஊரே செத்திருக்கும்" என்று அவர் கத்த, பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

தீர்ப்பு வந்த இரண்டாவது மாதம், வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது பெயிண்ட் கடைக்காரர் வந்தார். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்தாள். நான்கு பேர் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்றார் அவர்.

"அந்த வீட்டு மேல்மாடி நான் என் கையால கட்டினது" என்றார். "பெரியக்கா கீழ நின்னு செங்கல் எடுத்துக் குடுத்தாங்க. அது உங்களுக்குத் தெரிய நியாயமில்ல."

"எனக்குத் தெரியாதுங்க."

"மாமாகூட இப்பப் பேச்சுவார்த்தை இல்ல. அவர் கண்ணாடியத்தான் நான் இன்னும் போட்டிருக்கேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வீடு போனது வேற. நான் வந்தது அதுக்கில்ல. நீங்க எழுதினத நான் நம்பினேன். அக்கா கடைசியில கொஞ்ச நேரம் இருந்தாங்க, நீங்க அவங்க நெஞ்சுல கை வெச்சுட்டே வந்தீங்கன்னு நம்பினேன். தனியா போகலைன்னு. இப்ப அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. நாடி இருந்தது எங்க பெரியக்காவுக்கா, சின்னக்காவுக்கா?"

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "ஆனா ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் இருந்தாங்க. கைநீட்டினா தொடற தூரம். நான் நடுவுலதான் மண்டி போட்டிருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று அவள் அஞ்சினாள். அழுதுவிடுவாரோ என்று அதைவிட அதிகமாக அஞ்சினாள். இரண்டும் நடக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். எதிரே வந்த வண்டியொன்று ஹாரன் அடித்தபோது அவள் தன்னையறியாமல் "பார்த்து!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவள் நின்று பார்த்தாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.